குலதெய்வக் கோயில் கல்லுல பேர் வெட்டணும்: ஆர் யாருக்கு, அம்மாள் யாருக்கு?

கெடிலக்கரை
எல்லாருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூர்ல இருந்து எழுதுறேன். ஆடி மாசத்துக்கு முன்னாடி எங்க குலதெய்வக் கோயில்ல நாலு தலைமுறை பேர் வெட்டின கருங்கல் ஒன்னு பதிக்கப் போறோம், பேரெல்லாம் சரிபாத்து கல் பட்டறைல எழுதிக் குடுக்கிற பொறுப்பு எனக்கு. பெரியப்பா சொல்றாரு ஆம்பளைங்க பேருக்கு எல்லாம் கடைசியில ஆர் சேத்துடு, முருகேசனார்னு போட்டா கம்பீரமா இருக்கும், பொம்பளைங்களுக்கு அம்மாள் போதும்னு. அத்தை விடமாட்டேங்கிறாங்க, அதென்ன எங்க ஆயாவுக்கு மட்டும் ஆர் கிடையாதா, அந்தக் குடும்பத்த நிமித்தினதே அவங்கதானேன்னு கேக்குறாங்க. எனக்கும் அது நியாயமாத்தான் படுது.

ரெண்டு கேள்வி. ஒன்னு, ஆர்ங்கிறது நிஜமாவே ஆண்களுக்கு மட்டும்தானா? முருகேசன், முனுசாமி, சுப்புரத்தினம், முத்து, ராஜம்மாள், சிவகாமி இவங்க பேருக்கு அத சேத்தா எப்படி வரும்? ரெண்டாவது, பழைய கிரயப் பத்திரம் ஒன்னுல வித்தவங்க பேரா பச்சைன்னு வருது. எங்க வம்சம்தான், ஆனா அது தாத்தாவா ஆயாவான்னு இப்ப இருக்கிற யாருக்கும் தெரியல. வெறும் பச்சை. பேர் முடியிறத வெச்சு கண்டுபிடிக்க வழி இருக்கா?

சில்வர்பீச் ரமேஷ்
இது சிம்பிள் பாஸ். ன் வந்தா ஆண், ள் வந்தா பெண், இ வந்தா பெண், ர் வந்தா மரியாதை. முருகன், வள்ளியம்மாள், செல்வி, பெரியவர். தமிழ்ல எல்லாமே லாஜிக்கா இருக்கும். பச்சைல எதுவும் இல்ல, அதனால கண்டுபிடிக்க முடியாது. ஆர் மரியாதைக்கு, யாருக்கு வேணா போடலாம், ஆனா பொதுவா ஆம்பளைங்களுக்குத்தான் போடுவாங்க, செட்டியார் முதலியார் மாதிரி.

மஞ்சக்குப்பம் டீச்சர்
ரமேஷ் தம்பி, ன், ள், ர் மூணும் நீங்க சொன்னது சரி, தொல்காப்பியமே ன ஒற்று ஆண் பேரு, ள ஒற்று பெண் பேரு, ர ஒற்றும் மாரும் பலரைக் குறிக்கிறதுன்னு வரிசையா சொல்லுது. ஆனா கவனிங்க, அங்க ர் மரியாதை இல்ல, பன்மை. இ அந்த வரிசைல இல்லவே இல்ல. நீங்க இ வந்தா பெண்ணுன்னு சொன்னா மணி, பழனி, முனுசாமி, காந்தி, தம்பி இவங்கள எல்லாம் எங்க வைப்பீங்க? கெடிலக்கரை தம்பி வீட்டு முனுசாமியே இ-லதான் முடியிறாரு. ள்-லயும் ஒருத்தர் இருக்காரு, பெருமாள். ன்-லயும் ஒருத்தி இருக்கா, மாரியம்மன்.

தம்பி, உங்க முதல் கேள்விக்கு வெளியூர் போக வேணாம், நம்ம மாவட்டத்துலயே பதில் இருக்கு. பண்ருட்டி பக்கம் திருவாமூர், அப்பர் பிறந்த ஊரு. சேக்கிழார் அந்த வீட்டு ஆளுங்கள எப்படி எழுதுறார்னு பாருங்க. அப்பா புகழனார். அம்மா மாதினியார். அக்கா திலகவதியார். தம்பிக்குப் பெத்தவங்க வெச்ச பேரு மருணீக்கியார். அக்காவுக்கு நிச்சயம் பண்ணி, போருக்குப் போய் இறந்துபோனவர் கலிப்பகையார். ஆண், பெண், பெரியவங்க, சின்னப்பிள்ளைங்க, மாப்பிள்ளையா வர இருந்தவர், எல்லாருக்கும் ஒரே ஆர். அக்காவுக்கு ஒன்னும் தம்பிக்கு ஒன்னும் கிடையாது. அந்தக் கதைல அக்காதானே தம்பிய மீட்டுக் கொண்டாந்தவங்க, உங்க அத்தை சொல்ற ஆயா மாதிரியே.

இப்ப அந்தப் பேருகள்ல ஆரை மட்டும் எடுத்துட்டுப் பாருங்க. புகழன், ஆண்னு தெரியுது. மாதினி, பெண். திலகவதி, பெண். மருணீக்கி? இதுவும் இ-தான், ஆனா ஆண். மருளை நீக்குறவன், படகு ஓட்டுறவன் படகோட்டி ஆன மாதிரி. அந்த இ செயலைச் செய்றவங்களைச் சொல்ற இ, அதுக்கு ஆண் பெண் கிடையாது. தோழி, கிழவி, மாணவில வர்றது வேற இ, அது பெண்பால். பிரிச்சுப் பாக்க சுலபமான வழி, பக்கத்துல ன் ஜோடி இருக்கான்னு பாக்குறது. தோழன்-தோழி, கிழவன்-கிழவி, பொன்னன்-பொன்னி, ஜோடி இருக்கு, பெண்பால். படகோட்டன்னு யாரும் சொல்றதில்ல, அதனால படகோட்டி பொது. வடமொழில இருந்து வந்த ரவி, ஹரி எல்லாம் ஆண், பார்வதி, சரஸ்வதி பெண், அது மூணாவது வகை, அங்க இந்த ஜோடி வித்தை செல்லாது. பழனி, காசி மாதிரி ஊர்ப் பேர் வெச்சாலும் செல்லாது.

முத்தியால்பேட்டை பாபு
நல்ல டாபிக். என் பொண்ணுக்கு அடுத்த வாரம் பேர் வைக்கிறோம், நியூமராலஜிப்படி கடைசி எழுத்து யா-ல முடியணுமாம், வீட்ல இ-ல முடிஞ்சாதான் பொண்ணு பேர் மாதிரி இருக்கும்னு சண்டை. யாழினி நல்லா இருக்கா இல்ல யாழினியா நல்லா இருக்கா? டீச்சர் கொஞ்சம் சொல்லுங்க.

மஞ்சக்குப்பம் டீச்சர்
பாபு தம்பி, வாழ்த்துகள். இங்க பேசுறது செத்துப்போன பெரியவங்க பேர கல்லுல எழுதுறத பத்தி. உங்களுக்கு நான் சொல்றது ஒன்னுதான், யாழினின்னாலே பெண் பேரா நிக்குது, யாழினியான்னு கூப்பிட்டா தூரத்துல இருந்து கேள்வி கேக்குற மாதிரி காதுல விழும். வெச்சுட்டு ஒரு நாள் முழுக்க கூப்பிட்டுப் பாருங்க.

கெடிலக்கரை
டீச்சர், திலகவதியார் ஒன்னே போதும், அத்தைகிட்ட காட்டிட்டேன். ஆனா பெரியப்பா ஒத்துக்கல. அது பாட்டுல எழுதுறது, நாம பேசுறப்ப ஆயாவ அவருன்னு சொல்றோமாங்கிறாரு. அவர் கேக்குறதுலயும் ஏதோ இருக்கிற மாதிரி தெரியுது.

மஞ்சக்குப்பம் டீச்சர்
நிச்சயமா இருக்கு, உங்க பெரியப்பா காது சரியாத்தான் கேக்குது. நம்ம பேச்சுல அவரு வந்தாருன்னா ஆம்பளை மட்டும்தான். அம்மாவையோ ஆயாவையோ மரியாதையா சொல்லணும்னா அவங்க வந்தாங்கன்னு சொல்லுவோம். எழுத்துல அவர் வந்தார்னு ரெண்டு பேருக்கும் எழுதுறோம், பேப்பர்ல பெண் கலெக்டர் பேசினாலும் கூறினார்தான் போடுறாங்க. பேச்சுல ர் ஆம்பளை பக்கம் ஒதுங்கிடுச்சு, பெண்ணுக்கு ங்க வந்துடுச்சு. அதோட செட்டியார், நாட்டார், முதலியார்னு வீட்டுத் தலைவரா இருக்கிற ஆம்பளைய மட்டும் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஆர்னாலே மீசை ஞாபகம் வர ஆரம்பிச்சிடுச்சு. அதனால பெரியப்பாவுக்கு சிவகாமியார்னு கேட்டா வித்தியாசமா இருக்கும். ஆனா அதே பெரியப்பாவுக்கு ஔவையார்னு சொன்னா ஒன்னும் தோணாது. காரைக்கால் அம்மையார்னு சொன்னாலும் தோணாது, அவங்க பேரு புனிதவதியார். காரைக்கால் பக்கத்து ஊருதானே. பழக்கம்தான் காரணம், இலக்கணத்துல எந்தத் தடையும் இல்ல.

இந்த ஆர் எப்படி மரியாதை ஆச்சுங்கிறதையும் சொல்லிடுறேன். ஒருத்தர பலபேர் மாதிரி சொல்றதுதான் மரியாதை. அதையும் தொல்காப்பியம் சொல்லுது, ஒருவரைப் பன்மையில சொல்றது வழக்குல உயர்த்திச் சொல்றது, இலக்கண முறைப்படி வந்தது இல்லன்னு. அதாவது அந்தக் காலத்துலயே ஜனங்க பேசிப் பேசி வந்த பழக்கம் அது. அப்புறம் ர் தனியா ஒருத்தருக்கே ஆகிப்போனதால நெசமான பன்மைக்கு கள் சேக்க வேண்டியதாச்சு, அவர்கள். இன்னிக்கி அந்த அவர்களையும் ஒருத்தருக்கே மரியாதையா போடுறோம், திரு முருகேசன் அவர்கள்னு.

சில்வர்பீச் ரமேஷ்
அப்ப ன் போட்டா மரியாதை இல்லைன்னுதானே அர்த்தம்? அதனாலதானே முருகேசன்ன முருகேசனார் ஆக்குறாங்க.

மஞ்சக்குப்பம் டீச்சர்
அப்படி இல்ல தம்பி. அவன்ல வர்ற ன் வேற மாதிரி வேலை செய்யுது, பேர்ல வர்ற ன் வேற. முருகேசன் கூறினார்னு எழுதுறோம் பாருங்க, பேர் ன்-ல நிக்குது, மரியாதை வினைக்குப் போயிடுச்சு. இன்னிக்கி உரைநடைல அதுதான் வழக்கம். நம்ம பாவேந்தர் பாரதிதாசன் ன்-லதான் இருக்காரு, யாரும் குறைவா நினைக்கல. அவருக்குப் பெத்தவங்க வெச்ச பேரு சுப்புரத்தினம், அதுல ன்-னும் இல்ல ர்-ரும் இல்ல, அஃறிணைப் பேரு. அவர் யாருக்கு தாசனோ அந்த பாரதி இ, கலைமகள் பேரு, ஆம்பளைக்கு பட்டமா வந்து பாரதியார் ஆச்சு.

இன்னொன்னு பாருங்க, இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. அப்பர கல்லுல கட்டி கடல்ல போட்டு, அவர் கரையேறின இடம் நம்ம திருப்பாதிரிப்புலியூர்னு சொல்றோம்ல, அங்க பாடின பாட்டு,

ஈன்றாளுமாய் எனக்கு எந்தையுமாய் உடன் தோன்றினராய்
மூன்றாய் உலகம் படைத்து உகந்தான்

ஈன்றாள், பெத்தவ, ள். எந்தை, எந்த விகுதியும் இல்லாம. உடன் தோன்றினர், கூடப் பொறந்தவங்க, பலபேர், அதனால ர். அப்புறம் சாமி உகந்தான், ன். கூடப் பொறந்தவங்களுக்கு ர், சாமிக்கு ன்! ஆராதிக்கிற தெய்வத்த அவன்னு சொல்றது நெருக்கத்துல. முருகன், சிவன், கண்ணன்னு பேச்சுல சொல்றப்ப நாம ஆர் போட மாட்டோம். பிள்ளையார், ஐயனார் மாதிரி சிலருக்குத்தான் உண்டு. அதனால கல்லுல முருகேசன்னு வெட்டினா மரியாதைக் குறைச்சல் ஆயிடாது. ஆனா தம்பி வெட்டப்போறது வெறும் பேர் பட்டியல், கட்டினார், இறந்தார்னு வினையே வராது, மரியாதை நிக்க வேற எடம் இல்ல. அதனால ஆர் வேணும்னு பெரியப்பா ஆசைப்படுறதும் எனக்குப் புரியுது.

கெடிலக்கரை
டீச்சர் அப்ப அந்த ஆறு பேருக்கும் எப்படி எழுதுறது, அத சொல்லிடுங்க.

மஞ்சக்குப்பம் டீச்சர்
முருகேசன் சுலபம், முருகேசனார். புகழன் புகழனார் ஆன அதே வழி. ன்-ன எடுத்துட்டு முருகேசர்னும் எழுதலாம், அப்பன் அப்பர் ஆன மாதிரி, ஆனா அது சாமிப் பேரா ஒலிக்கும், வேணாம்.

சுப்புரத்தினம் மாதிரி ம்-ல முடியிற பேர்ல ம் போய் ன் வந்து ஆர் ஏறும், சுப்புரத்தினனார். காதுக்குப் புதுசா இருந்தாலும் இது நடப்புல இருக்கிற வழிதான். திருநெல்வேலி பல்கலைக்கழகத்துக்கு வெச்ச பேரு மனோன்மணீயம் சுந்தரனார், அந்த ஆளு பேரு சுந்தரம் பிள்ளை. சுந்தரம் சுந்தரனார் ஆச்சு.

சிவகாமி, நடுவுல ய் வந்து சிவகாமியார். மாதினியார், திலகவதியார் அதே அச்சு.

முனுசாமிலதான் சிக்கல். விதிப்படி முனுசாமியார், ஆனா யாரு படிச்சாலும் காவி கட்டினவருன்னு நினைப்பாங்க. முத்துவும் அப்படித்தான், உ விழுந்து முத்தார்னு வரும், அது பேரையே மறைச்சிடுது. முத்தர்னா வேற அர்த்தம், முத்தி அடைஞ்சவங்க. ராஜம்மாள்ல அம்மாளே மரியாதைதான், அதுக்கு மேல ஆர் ஏத்தினா ராஜம்மாளார், சிலர் எழுதுறாங்க, எனக்கு சரியா படல. ராஜம்மையார்னு மாத்தினா வீட்ல கூப்பிட்ட பேரே மாறிப்போயிடும்.

ஆக ஆறுல மூணு பேருக்கு நல்லா உக்காருது, மூணு பேருக்கு உக்காரல. ஒரே கல்லுல பாதிப் பேருக்கு இருந்து பாதிப் பேருக்கு இல்லன்னா அதுவே பின்னாடி சண்டை ஆகும். நானா இருந்தா எல்லார் பேரையும் வீட்ல கூப்பிட்ட மாதிரியே வெட்டிட்டு, மேல ஒரே வரில எங்கள் முன்னோர்கள்னு போடுவேன். ர், கள் ரெண்டும் அங்க எல்லாருக்கும் சேத்து வந்துடும்.

உப்பளம் செல்வி
நான் பாண்டி உப்பளம். என் பிரச்சினை கொஞ்சம் வேற, ஆனா இதே ன்-தான். என் தாத்தா 1962ல பிரெஞ்சு குடியுரிமை எடுத்தவரு. அங்க அப்பா பேரு குடும்பப் பேரா பதிவாயிடுச்சு, ன்-ல முடியிற பேரு. இப்ப எனக்கு, என் தங்கச்சிக்கு, அத்தைங்களுக்கு எல்லாம் அந்த ன் பேர்தான். பிரான்ஸ்ல இருந்து லெட்டர் வந்தா மேடம் போட்டு அந்த ஆம்பளைப் பேர் இருக்கும். அதுவும் எழுத்துக்கூட்டல்ல ன்-னுக்கு அப்புறம் ஒரு e சேத்திருப்பாங்க, Mourougane மாதிரி. சின்ன வயசுல அந்த e பொம்பளைங்களுக்குன்னு சேத்தாங்கன்னு நெனச்சிட்டு இருந்தேன், ஏன்னா பிரெஞ்சுல பெண்பாலுக்கு e வரும்ல. அப்பா பேப்பர்லயும் அதே e இருக்கு. அது ஏன்? பொண்ணுக்கு ன்-ல பேர் இருக்கிறது தப்பா?

மஞ்சக்குப்பம் டீச்சர்
பிரெஞ்சு எனக்குத் தெரியாதும்மா, தெரிஞ்சவங்க சொல்லுங்க. தமிழ்ப் பக்கம் மட்டும் சொல்றேன். குடும்பப் பேரா ஆயிட்டா ன் உங்கள சொல்லல, உங்க வம்சத்துல இருந்த ஒருத்தர சொல்லுது. அது உங்க பேரோட விகுதி இல்ல. செல்விதான் உங்க பேரு, அதுல இ இருக்கு, செல்வன்-செல்வி ஜோடியும் இருக்கு.

லாஸ்பேட்டை வாத்தியார்
நான் பிரெஞ்சு சொல்லித்தரேன், செல்விக்கு பதில் சொல்லலாம். அந்த e பெண்பால் இல்ல. பிரெஞ்சுல an-னு முடிச்சா ன் வாயில வராது, மூக்கால அனுங்கிட்டு நின்னுடும். தமிழ் ன் கேக்கணும்னா பின்னாடி ஒரு e வேணும், அத உச்சரிக்க மாட்டாங்க. பழைய பதிவுகள்ல அம்மாளயும் Ammalle-ன்னு e சேத்து எழுதியிருப்பாங்க. ஆணுக்கும் e, பெண்ணுக்கும் e.

குடும்பப் பேர் பழக்கம் 1962க்கு முன்னாடியே இங்க உண்டு. 1881ல ஒரு ஆணை வந்துச்சு, தங்களோட சொந்த வழக்கச் சட்டத்த விட்டுட்டு பிரெஞ்சு சட்டத்துக்கு வர்றவங்க ஒரு குடும்பப் பேர் எடுத்துக்கணும்னு. நெறைய பேர் பிரெஞ்சுப் பேர் எடுத்தாங்க. அங்க தமிழ் விகுதி எதுவும் வேலை செய்யாது, பாட்டி, பேரன், மருமக எல்லாருக்கும் ஒரே வார்த்தை. தமிழ்ப் பேரையே குடும்பப் பேரா வெச்சவங்களுக்குத்தான் செல்வி சொல்ற மாதிரி பொண்ணுக்கு ன் வந்து நிக்குது.

நெல்லிக்குப்பம் பத்திரம்
நான் பத்திர எழுத்தர், அப்பா காலத்துல இருந்து இந்தத் தொழில். கெடிலக்கரை சார், ரெண்டாவது கேள்விய எல்லாரும் விட்டுட்டாங்க. பச்சைங்கிற பேர வெச்சு ஒன்னும் சொல்ல முடியாது, பச்சையப்பனையும் பச்சைன்னு கூப்பிடுவாங்க பச்சையம்மாளையும் பச்சைன்னு கூப்பிடுவாங்க, நம்ம பக்கம் பச்சைவாழியம்மனுக்கு நேந்து வெக்கிற பேரு. பாவாடைன்னு பேர் பாத்துட்டு வெளியூர்க்காரங்க பெண்ணுன்னு நெனப்பாங்க, பாவாடைராயன் பேர் வெச்ச ஆம்பளை அது.

பத்திரத்துல இன்னொரு கஷ்டம் என்னன்னா எழுதிக்கொடுக்கிறவர் நான்னு பேசுவாரு. சம்மதித்து எழுதிக்கொடுத்தேன், ரொக்கம் பெற்றுக்கொண்டேன்னு வரும். கொடுத்தான், கொடுத்தாள்னு வந்தா தெரிஞ்சிடும், ஏன்-ல ஆணும் தெரியாது பெண்ணும் தெரியாது. அதனால பேருக்கு முன்னாடி இருக்கிற உறவு வார்த்தைய பாருங்க. குமாரர் இருந்தா ஆண், குமாரத்தி, பாரியாள் இருந்தா பெண். அங்க என்ன இருக்கு?

கெடிலக்கரை
சார் அங்கதான் மடிப்பு. முனியன் குமார-ன்னு தெளிவா இருக்கு, அதுக்கு அடுத்தது மடிப்புல கிழிஞ்சு ஓட்டை. ஓட்டைக்கு அந்தப் பக்கம் பச்சை. குமாரரும் குமாரத்தியும் குமார-லதான் ஆரம்பிக்குது, அதுவரைக்கும் நல்லா இருக்கு, வேண்டிய எழுத்துல ஓட்டை. போன்ல பெருசு பண்ணிப் பாத்தேன், ஓட்டையோட மேல் ஓரத்துல மசில ஒரு வளைவு மாதிரி இருக்கு.

நெல்லிக்குப்பம் பத்திரம்
வளைவு மேல இருந்தா த்தி-யோட சுழியா இருக்கலாம். குமாரர்ல ர்-ருக்கு மேல புள்ளி வரும், பழைய கைல அந்தப் புள்ளியயும் சின்ன வட்டமா இழுப்பாங்க, சில பேர் போடவே மாட்டாங்க. அதனால வளைவ மட்டும் நம்பாதீங்க. எழுத்துக்கு எடம் எவ்வளவு இருக்குன்னு பாருங்க. அதே பத்திரத்துல வேற எடத்துல குமாரர்னு இருந்தா அந்த ர் எவ்வளவு அகலம்னு அளந்து ஓட்டையோட அகலத்தோட ஒப்பிடுங்க. த்தி ரெண்டு எழுத்து, எடம் ஜாஸ்தி பிடிக்கும்.

அப்புறம் பக்கத்து நிலத்துக்காரங்க பத்திரம் கிடைச்சா அதுல சக்குபந்தி பாருங்க. நாலு எல்லை சொல்றப்ப இன்னார் நிலத்துக்கு வடக்கு, இன்னார் நிலத்துக்கு கிழக்குன்னு எழுதுவாங்க. சொந்தப் பத்திரத்துல சுருக்கமா இருக்கிற பேரு பக்கத்து வீட்டுப் பத்திரத்துல முழுசா இருக்கும். நான் இப்படி நெறைய பேருக்கு எடுத்துக் குடுத்திருக்கேன்.

சில்வர்பீச் ரமேஷ்
வித்தவங்க பச்சைன்னா ஆம்பளையாத்தான் இருக்கணும், அந்தக் காலத்துல பொம்பளை பேர்ல எங்க நிலம் இருந்துச்சு?

நெல்லிக்குப்பம் பத்திரம்
இருந்துச்சு தம்பி. சீதனமா குடுத்தது, புருஷன் இறந்து வந்தது, அப்பா எழுதி வெச்சதுன்னு பொம்பளைங்க எழுதிக்கொடுத்த பத்திரம் நான் எத்தனையோ பாத்திருக்கேன். அத வெச்சு முடிவு பண்ண வேணாம். பழைய பத்திரங்கள்ல வேற ஒன்னு கண்ணுல படும். வாங்குறவர் வசதியானவரா இருந்தா பிள்ளை அவர்கள், முதலியார் அவர்கள்னு நீளமா எழுதியிருக்கும். விக்கிறவர் ஏழைன்னா வெறும் முனியன், வெறும் முத்தி. ஒரே தாள்ல ஒருத்தருக்கு அவர்கள், ஒருத்தருக்கு ன். பச்சைன்னு மொட்டையா இருக்கிறதும் அதனாலதான்னு எனக்குப் படுது, வீட்ல அவங்களுக்கு நீளமான பேர் இருந்திருக்கும்.

மஞ்சக்குப்பம் டீச்சர்
இத சொன்னதுக்கு நன்றி ஐயா. கெடிலக்கரை தம்பி, இத உங்க பெரியப்பாகிட்ட படிச்சுக் காட்டுங்க. பத்திரம் எழுதினவங்க குடுக்காம விட்ட ஆரை இன்னிக்கி பேரன் கல்லுல குடுக்கணும்னு நினைக்கிறாரு, அவர் மனசு எனக்கு இப்ப இன்னும் நல்லா தெரியுது. அதே ஞாயம் பொம்பளைங்களுக்கும் வேணும்ல, முத்தின்னு மொட்டையா எழுதப்பட்டவங்களும் இருந்திருப்பாங்களே.

கெடிலக்கரை
பக்கத்து நிலத்துக்காரங்க நல்ல மனுஷங்க, பழைய பத்திரம் எடுத்துக் காட்டினாங்க. சக்குபந்தில பச்சாயி நிலத்துக்கு தெற்குன்னு இருக்கு! எங்க பத்திரத்துக்கு முந்தின வருஷத்து தேதி. பச்சாயின்னா பெண்தானே டீச்சர்? அத்தை சந்தோஷத்துல அழுதுட்டாங்க. பெரியப்பா மட்டும் பச்சாயி பச்சையோட பொண்டாட்டியா கூட இருக்கலாம், பச்சையப்பன் பச்சாயின்னு ஜோடி இருக்கிறது சகஜம்ங்கிறாரு.

மஞ்சக்குப்பம் டீச்சர்
பச்சாயி பெண் பேருதான், சந்தேகமே இல்ல. பச்சை கூட ஆயி, காத்தாயி மாதிரி. ஆயின்னா அம்மா, அம்மாள் செய்ற வேலையத்தான் இங்க ஆயி செய்யுது. கடைசில இ-ல முடியுது, ஆனா தோழி கிழவில வர்ற இ இல்ல. ஆனா பத்திரத்துல இருக்கிற பச்சை அதே ஆள்தானாங்கிறதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

நெல்லிக்குப்பம் பத்திரம்
பெரியப்பா சொல்றத தள்ள முடியாது. ஒரு வருஷத்துல கை மாறியிருக்கலாம், பச்சாயி இறந்து புருஷனோ மகனோ வித்திருக்கலாம். ஆனா எனக்கு ஒரே ஆளுன்னுதான் தோணுது. சந்தேகம் தீர ஒரு வழி இருக்கு. பதிவான பத்திரம்னா பதிவு ஆபீஸ்ல 1ம் புத்தகத்துல அத அப்படியே வார்த்தைக்கு வார்த்தை எழுதி வெச்சிருப்பாங்க. உங்க தாள்ல மடிப்பு கிழிஞ்சாலும் அந்தப் புத்தகத்துல குமார-வுக்கு அடுத்து என்ன எழுத்துன்னு முழுசா இருக்கும். பத்திரத்து பின்பக்கம் முத்திரைல நம்பரும் வருஷமும் இருக்கும் பாருங்க, அத வெச்சு நகல் மனு போடுங்க. பழைய வால்யூம்னா தேடி எடுக்க நாள் ஆகும், கல் பட்டறைக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க.

கெடிலக்கரை
நம்பர் இருக்கு சார், நாளைக்கே மனு போடுறேன். கல்லு விஷயம் இப்படி முடிவாச்சு. மேல எங்கள் முன்னோர்கள், கீழ எல்லாரும் வீட்ல கூப்பிட்ட பேர்லயே, முருகேசன், ராஜம்மாள், முனுசாமி, சிவகாமி, சுப்புரத்தினம், முத்து. பெரியப்பா முருகேசனாருக்கு மட்டும் இன்னும் கேட்டுட்டு இருக்காரு, அப்படின்னா சிவகாமியாரும் வரணும்னு அத்தை நிக்கிறாங்க, அது வெட்டுற அன்னிக்கிதான் தெரியும். பச்சை வரிய கடைசியா வெட்டச் சொல்லி பட்டறைல சொல்லிட்டேன். நகல்ல குமாரத்தின்னு இருந்தா பச்சாயி, இல்லைன்னா பத்திரத்துல இருக்கிற மாதிரி பச்சை.

சில்வர்பீச் ரமேஷ்
டீச்சர் அந்த பெருமாள் விஷயம் விட்டுப்போச்சு. ஆம்பளைக்கு ஏன் ள்?

மஞ்சக்குப்பம் டீச்சர்
பெருமான்னும் இருக்கு, பெருமாள்னும் இருக்கு. பெருமான்தான் திரிஞ்சு பெருமாள் ஆச்சும்பாங்க சிலர், ஆள்ங்கிற சொல்லு சேந்து வந்ததும்பாங்க சிலர். எனக்கு முதல் கட்சி பிடிக்கும், ஆனா ன் எப்படி ள் ஆச்சுன்னு கேட்டா மனசுக்கு நிறைவா ஒரு பதில் இதுவரைக்கும் நான் பாக்கல. யாருக்காவது தெரிஞ்சா எழுதுங்க.